இன்டீரியர் டிசைனரின் ரெஸ்யூமே: படத்தில் தெரியாத வேலை

சென்னையில் பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன இன்டீரியர் ஸ்டுடியோ ‘ஆள் தேவை’ என்று ஒரு வரி போட்டால் போதும், ரெஸ்யூமேக்கள் வாட்ஸ்அப்பிலேயே வந்து குவிந்துவிடும். எதைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். சாம்பல் நிற சோபா, மறைவிளக்கு எரியும் கூரை, ஜன்னலுக்கு வெளியே எந்த ஊர் என்றே பிடிபடாத ஒரு வானம். அதன் கீழே ‘வீடு, அலுவலகம், கடை என அனைத்து வகைப் பணிகளையும் முழுமையாகக் கையாண்ட அனுபவம்’ என்றொரு வாசகம். இன்னும் கீழே மென்பொருள்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

இதைப் படிக்கிறவர் பெரும்பாலும் ஸ்டுடியோவின் உரிமையாளர்தான். காலையில் ஆசாரியோடும் மத்தியானம் கிரானைட்காரரோடும் மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் காரில் உட்கார்ந்தபடி திறந்து பார்க்கிறார். படம் அழகாக இருக்கிறதா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். இந்த ஆளை நாளைக்கு ஒரு காலி ஃப்ளாட்டுக்குத் தனியாக அனுப்பலாமா, அவர் எடுத்துவரும் அளவை நம்பித் தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுக்கலாமா என்பதுதான் அவருடைய கவலை.

அந்தக் கவலைக்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவில் ஒருவர் தன் பெயரோடு ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள, 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அதற்கான கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘இன்டீரியர் டிசைனர்’ என்று போட்டுக்கொள்ள அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை. இந்திய இன்டீரியர் டிசைனர்கள் நிறுவனம் என்ற சங்கம் அதே 1972இல் தொடங்கி இன்றும் நடக்கிறது, ஆனால் அதில் சேருவது அவரவர் விருப்பம். எனவே நாலு வருடப் பட்டம் படித்தவர், ஒரு வருட டிப்ளமோ முடித்தவர், ஆறு மாத வகுப்புக்குப் போனவர், படம் வரைகிறவராகச் சேர்ந்து வேலையிலேயே கற்றுக்கொண்டவர் என எல்லோருக்கும் பட்டம் ஒன்றேதான். யார் யார் என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு அந்த ஒற்றைக் காகிதத்தின் தலையில் விழுகிறது.

மாதிரிக்கு ஒரு ரெஸ்யூமேவை எடுத்துக்கொள்வோம். உரியவர் நாலு வருட அனுபவமுள்ள ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைனில் பட்டம், இரண்டு ஸ்டுடியோக்களில் வேலை. முதல் வரைவில் அவர் எழுதியிருப்பது: ‘குடியிருப்பு மற்றும் வணிக வளாகப் பணிகளில் அனுபவம்.’ பொய் இல்லை. ஆனால் இந்த வரியைப் படித்துவிட்டு அவரைப் பற்றி யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

வேலையின் வகை என்பது ‘வீடு, கடை, ஆபீஸ்’ என்ற மூன்று சொற்களில் அடங்குவதில்லை. வீடு என்றே எடுத்துக்கொண்டாலும், பழைய மாமல்லபுரம் சாலையின் புது அடுக்குமாடியும் அசோக் நகரின் முப்பது வருடப் பழைய ஃப்ளாட்டும் ஒரே தொழில் அல்ல. புதுக் கட்டடங்கள் பலவற்றில் செங்கல் சுவரே கிடையாது. அலுமினிய அச்சுப் பலகை வைத்துச் சுவரையும் கூரையையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறார்கள். சைட்டில் இதற்கு ‘மைவான்’ என்று பெயர். அந்தச் சுவர்தான் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குகிறது என்பதால் அதில் காடி வெட்டி வயர் ஓட்டக் கூடாது. டிவிக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட்டைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் பேனல் அடித்து அதற்குள் ஒளித்து ஓட்ட வேண்டும். பழைய ஃப்ளாட்டில் தலைவலி வேறு மாதிரி. கான்கிரீட் பரண் ஏற்கனவே இருக்கும், சமையலறையில் கடப்பா கல் தட்டுகள் சுவருக்குள் பதிந்திருக்கும், லிஃப்ட் இருந்தாலும் அதற்குள் எட்டடி பிளைவுட் நுழையாது. வணிக வளாகத்துக்குள் ஒரு கடை என்றால் வேலை இரவில்தான் நடக்கும். வளாகத்தின் தீயணைப்புக் குழாய், ஏ.சி. குழாய் போகும் வரைபடம் கையில் இல்லாமல் கூரையைத் தொட முடியாது.

ஆகவே அந்த வரி இப்படி மாறினால் பேச ஆரம்பிக்கும்: ‘2 பி.ஹெச்.கே., 1,050 சதுர அடி, பெரும்பாக்கம், மைவான் கட்டடம். கிச்சன், இரண்டு வார்ட்ரோப், டிவி யூனிட், ஹாலில் ஃபால்ஸ் சீலிங். கிச்சன் தொழிற்சாலையில், மற்றவை சைட்டில். என் பங்கு: அளவு, வரைபடம், பொருள் பட்டியல், வாரம் மூன்று நாள் சைட்.’

அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், தெரிந்தே. ஒரு லட்சம் சதுர அடி ஐ.டி. அலுவலகம் என்று எழுதியிருக்கும். நேரில் உட்காரவைத்துக் கேட்டால், அதில் அவர் வரைந்தது டீ போடும் அறையின் இரண்டு சுவர்கள் மட்டும் என்று தெரியவரும். அந்த இரண்டு சுவரையே எழுதியிருந்தால் ஒரு குறையும் இல்லை. அந்த அறையில் சிங்க், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி, மைக்ரோவேவ் மூன்றுக்கும் எங்கே குழாய், எங்கே பிளக் என்று முடிவு செய்தவருக்கு அதைப் பற்றி அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும். ஒரு லட்சம் சதுர அடியைப் பற்றி அவரால் இரண்டு நிமிடம் பேசுவதே கஷ்டம்.

அடுத்தது அளவு. இந்தத் தொழிலில் பணம் தொலைவது பெரும்பாலும் இங்கேதான். ரெஸ்யூமேயில் ‘சைட் மெஷர்மென்ட்’ என்ற இரண்டே சொற்களாக இது ஒரு மூலையில் கிடக்கும். அந்தச் சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு சமையலறைச் சுவரைக் கொண்டு பார்த்துவிடலாம்.

பில்டர் கொடுத்த பிளானில் அந்தச் சுவரின் நீளம் எட்டடி, அதாவது 2,438 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் மேல் அலமாரி. தொழிற்சாலைப் பெட்டிகள் 600 மில்லிமீட்டர் அகலத்தில் வருவதால் நாலு பெட்டி போட்டால் 2,400 ஆகிறது. மீதி 38. பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பட்டை அடித்து மூடிவிடலாம். காகிதத்தில் எல்லாம் கச்சிதம். வேலைக்குப் புதியவர் இந்த இடத்திலேயே வரைபடத்தை மூடிவிடுவார்.

அனுபவசாலி நேரில் போய் டேப் பிடிப்பார், அதுவும் ஒரே இடத்தில் அல்ல. தரையில் ஒரு தடவை, மேடை உயரத்தில் ஒரு தடவை, மேல் அலமாரி வரும் உயரத்தில் ஒரு தடவை. சுவர் என்பது பார்வைக்குத்தான் நேர்க்கோடு. பூச்சு மேலே கொஞ்சம் தடிக்கும், மூலை உள்வாங்கும். நம்முடைய சுவர் தரையில் 2,431, மேடை உயரத்தில் 2,428, அலமாரி உயரத்தில் 2,422 காட்டுகிறது. பிளானின் எட்டடி எங்கேயுமே இல்லை. பிளானில் இருக்கும் எண் பல நேரம் பூச்சு வேலைக்கு முந்தைய சுவருக்கு உரியது.

இன்னும் முடியவில்லை. வாடிக்கையாளர் கூரை வரை டைல்ஸ் ஒட்டச் சொல்லியிருக்கிறார், இனிமேல்தான் ஒட்டப் போகிறார்கள். டைல்ஸ் எட்டு மில்லிமீட்டர், பசை நாலு, ஆக ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு. இரண்டு பக்கமும் சேர்த்து 24 போனால் 2,422இல் மிஞ்சுவது 2,398. பெட்டிகளுக்கு வேண்டியது 2,400. வெறும் இரண்டு மில்லிமீட்டர்தான் குறைகிறது. ஆனால் பொருத்த வந்த ஆட்கள் மூன்று பெட்டியை மாட்டிவிட்டு நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஓரங்களுக்குப் பட்டை ஒட்டி முடித்த பெட்டியைச் சைட்டில் இழைக்க முடியாது. ஒன்றைத் திருப்பி அனுப்பிப் புதிதாகச் செய்யச் சொன்னால் ஒரு வாரமோ பத்து நாளோ போய்விடும். அதோடு கதவின் லேமினேட் வேறு தொகுப்பிலிருந்து வந்தால் நிறம் சற்று விலகும், பகல் வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்குத் தீர்வு கஷ்டமானதல்ல. மூன்று பெட்டி 600, ஒன்று மட்டும் 550 என்று வரைந்தால் 2,350. மீதி 48இல் பக்கத்துக்கு 24 மில்லிமீட்டர் பட்டை. கடைசிக் கதவு சுவரில் இடிக்காமல் திறக்கவும் அந்த இடைவெளி உதவும். செய்ய வேண்டியது இரண்டே காரியம்: மூன்று உயரத்தில் அளந்து, இருப்பதில் சின்ன எண்ணை எடுத்துக்கொள்வது. டைல்ஸ் ஒட்டியாயிற்றா, இனிமேலா என்று கேட்பது.

நேர்முகத்தில் ‘அளவு எப்படி எடுப்பீங்க?’ என்ற கேள்வி இதற்காகத்தான் வருகிறது. ‘லேசர் மீட்டர் வெச்சு எடுப்பேன் சார்’ என்று நின்றுவிடுகிறவர் கருவியின் பெயரைத்தான் சொல்கிறார். விலை குறைந்த லேசர் மீட்டர் இரண்டு மில்லிமீட்டர் வரை கூடக்குறையக் காட்டலாம் என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கும். மேலே சொன்ன கணக்கில் நம்மைக் கவிழ்த்ததும் அதே இரண்டுதான். எங்கிருந்து எங்கே அளந்தார், பீம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்த்தாரா, ஜன்னலின் அடிமட்டம், குழாய் வாய், சுவிட்ச் பெட்டி இவற்றின் தூரத்தை ஒரே மூலையிலிருந்து குறித்தாரா, மூலை நேர்க்கோணம்தானா என்பதை மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி வைத்துச் சரிபார்த்தாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சைட்டைப் பார்த்தவர் இதையெல்லாம் கேட்காமலே சொல்லத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. தொழிற்சாலைக்கு மில்லிமீட்டர்தான் மொழி. சைட்டில் ஆசாரிக்கோ அடி, இன்ச், நூல். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ‘ரெண்டு நூல் தட்டுது’ என்று ஆசாரி போனில் சொன்னால் வரைபடத்தில் ஆறு மில்லிமீட்டரைத் தேடத் தெரிந்திருக்க வேண்டும். கிச்சன் தொழிற்சாலையிலிருந்தும் வார்ட்ரோப் சைட்டிலிருந்தும் வருகிற வீடுகளே இங்கே அதிகம் என்பதால், ‘இரண்டு முறையிலும் வரைந்து செய்து முடித்திருக்கிறேன்’ என்ற ஒரு வரிக்கு நல்ல மதிப்பு உண்டு.

நம் மாதிரி ரெஸ்யூமேயில் இந்தப் பகுதி கடைசியில் இப்படி நிற்கலாம்: ‘தனியாக அளவெடுத்து வரைபடம் கொடுத்த வீடுகள் 14. அளவுப் பிழையால் திரும்பச் செய்ய வேண்டிவந்த பெட்டிகள் 2.’ அந்த இரண்டை மறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் பதினாலு வீட்டில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்று எழுதினால், படிக்கிற உரிமையாளர் சிரித்துக்கொண்டே அடுத்த ரெஸ்யூமேவுக்குப் போய்விடுவார்.

மென்பொருள் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். நட்சத்திரங்கள் வேண்டாம். ஆட்டோகேடில் ‘தொண்ணூறு சதவீதம்’ என்றால் மீதிப் பத்து எதில் குறைகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. மென்பொருளின் பெயரைவிட அதிலிருந்து என்ன வெளியே வந்தது என்பதே படிக்கிறவருக்குத் தேவை. ஆட்டோகேடில் தரைப்படமா, ஒவ்வொரு சுவரின் நேர்முகப் படமா, மின் பாயின்ட் படமா, கூரைப் படமா? ஸ்கெட்ச்அப்பில் வாடிக்கையாளரிடம் காட்டும் உருவமா, பெட்டியை உள்ளே வரை பிரித்துக் காட்டும் உருவமா? வீ-ரே அல்லது என்ஸ்கேப்பில் எடுத்த படம் ஒன்றை முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும்? எக்செல்லைப் பலர் குறிப்பிடுவதே இல்லை, கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்கள் போல. ஆனால் எட்டுக்கு நாலு பிளைவுட் எத்தனை ஷீட், கீல் எத்தனை, டிராயர் சானல் எத்தனை ஜோடி என்கிற பட்டியல் பெரும்பாலான சின்ன ஸ்டுடியோக்களில் எக்செல்லில்தான் உருவாகிறது. அந்தப் பட்டியலைப் பிழையில்லாமல் போடுகிறவரை யாரும் எளிதில் விடமாட்டார்கள்.

ரெஸ்யூமேயோடு அனுப்பும் படத்தொகுப்பில் போலி எது என்று கண்டுபிடிக்கவும் ஒரு எளிய வழி இருக்கிறது. படத்தில் சுவிட்ச் பெட்டியைத் தேடிப் பாருங்கள். பீம், ஏ.சி., ஜன்னல் கிரில் இவற்றையும் தேடுங்கள். சென்னை ஃப்ளாட் ஒன்றின் ஹாலில் இவற்றில் எதுவுமே இல்லையென்றால் அந்த ஹால் கணினிக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, ஒரே சுவரை மூன்று விதமாக ஒரே பக்கத்தில் வைக்கலாம். மேலே அளவுகளோடு வேலை வரைபடம், நடுவில் முப்பரிமாணப் படம், கீழே வேலை முடிந்தபின் அதே கோணத்தில் எடுத்த புகைப்படம். மூன்றும் ஒத்துப்போனால் விளக்கம் எழுதவே தேவையில்லை. எங்காவது ஒத்துப்போகவில்லையென்றால் ஏன் மாறியது என்று ஒரு வரி போதும். முந்தைய ஸ்டுடியோவில் செய்த வேலைக்கு அந்த ஸ்டுடியோவின் பெயரைப் போடுவது நாணயம். வாடிக்கையாளரின் பெயரும் கதவு எண்ணும் வேண்டாம்.

வெண்டர் ஒருங்கிணைப்பு என்பதை ‘நல்ல தகவல் தொடர்புத் திறன்’ என்ற பொதுச் சொல்லில் கரைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது முன்பின் வரிசையைப் பற்றிய அறிவு. சமையலறையில் சிம்னியின் குழாய் வெளியே போகச் சுவரில் ஆறு இன்ச் துளை வேண்டும். அது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு போட்டாக வேண்டும். துளையின் இடம் சிம்னியின் மாடலைப் பொறுத்தது. சிம்னியை வாங்குகிறவரோ வாடிக்கையாளர், தீபாவளித் தள்ளுபடிக்காகக் காத்திருப்பார். அடுப்பு பதிக்கக் கிரானைட்டில் வெட்ட வேண்டிய பள்ளத்துக்கும் இதே கதைதான். பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்தால் 600 மில்லிமீட்டர் இடம், தண்ணீர் வரவும் போகவும் வழி, 16 ஆம்பியர் பிளக். ‘அதெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று வீட்டம்மா சொன்ன அன்றே, எந்தத் தேதிக்குள் மாடல் எண் வந்தாக வேண்டும் என்று எழுதி வாங்குகிறவர்தான் ஒருங்கிணைப்பு தெரிந்தவர். ரெஸ்யூமேயில் இதை எழுத முடியும்: ‘ஒரு வீட்டுக்குச் சராசரியாக ஏழு வெண்டர்கள். சாதனங்களின் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கும் பட்டியலை நானே தயாரித்து, மின் வேலை தொடங்கும் முன் மூடுவேன்.’

விலைப்புள்ளியை ஒப்பிடுவது இதில் இன்னொரு பாதி. ஏழடி அகலம், ஏழடி உயரத்தில் ஒரு வார்ட்ரோப், மேலே இரண்டடி பரண். முன்முகத்தைச் சதுர அடியாகக் கணக்கிடுவதே வழக்கம். கீழே 49, மேலே 14, மொத்தம் 63. முதல் கான்ட்ராக்டரின் விலை அதிகமாகத் தெரிகிறது, இரண்டாமவருடையது குறைவு. ஆனால் முதலாமவர் கீல், சானல், கைப்பிடி எல்லாம் சேர்த்துச் சொல்கிறார். இரண்டாமவருக்கு அவை தனிக் கணக்கு. மேலும் அந்த வீட்டில் பரண் ஏற்கனவே கான்கிரீட்டில் இருக்கிறது, அதற்கு வேண்டியது ஒரு சட்டமும் கதவும் மட்டுமே. உள்ளே பெட்டி கிடையாது. இரண்டாமவர் அந்த 14 சதுர அடிக்கும் முழுப் பெட்டியின் விலையையே போட்டிருக்கிறார். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் மலிவானதைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு அதிகம் கொடுத்துவிடுவார். வேலை முடிந்தபின் அளந்து பில்லைச் சரிபார்க்கும் போதும் இதே கண் வேண்டும்.

பொருள் வந்து இறங்கும்போது பார்ப்பதும் சேர்ந்ததுதான். சென்னையில் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், சிங்க் வருகிற பெட்டிக்குத் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் என்று பேசியிருந்தால் ஷீட்டின் மேல் ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். 303 என்றிருந்தால் அது வேறு தரம். லாரியிலிருந்து இறக்கும்போதே முத்திரையைப் போட்டோ எடுத்து வைக்கிற பழக்கம் உள்ளவர் அதை ரெஸ்யூமேயில் ஒரு வரியாகச் சொன்னால் தற்பெருமையாகாது. பெட்டியாகி லேமினேட் ஒட்டியபின் உள்ளே இருப்பது என்ன என்று யாராலும் காட்ட முடியாது.

ஒப்படைப்புக் காலம் பற்றி எழுதும்போதுதான் ரெஸ்யூமேக்கள் அதிகம் பொய் சொல்கின்றன. ‘அனைத்துப் பணிகளையும் குறித்த நேரத்தில் முடித்துள்ளேன்.’ தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குத் தேதி வைப்பது டிசைனர் அல்ல, முகூர்த்தம். ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைக்கமாட்டார்கள், ஆகவே அந்த மாதங்கள் தொடங்கும் முன் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வரும். கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை, பெயின்ட்டும் பாலிஷும் காய மறுக்கும். ஹோலிக்கும் தீபாவளிக்கும் வடமாநில ஆசாரிகள் ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்பது ரயில் டிக்கெட்டைப் பொறுத்தது. பல அடுக்குமாடிச் சங்கங்கள் சத்தம் வரும் வேலையை மாலைக்கு மேல் அனுமதிப்பதில்லை, ஞாயிறு முழுக்கத் தடை. இவ்வளவுக்கும் நடுவில் எல்லாமே குறித்த நேரத்தில் முடிந்தது என்றால், ஒன்று அவர் மிகக் குறைவாக வேலை செய்திருக்க வேண்டும், அல்லது தேதியைப் பிறகு மாற்றி எழுதியிருக்க வேண்டும்.

பெரும்பாக்கம் வீட்டுக்கே திரும்புவோம். அளவெடுத்ததிலிருந்து வரைபடத்துக்கு வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் வரை 18 நாள். கையெழுத்திலிருந்து ஒப்படைப்பு வரை திட்டம் 45 நாள், நடந்தது 56. பதினொரு நாள் தாமதம். இதை மறைப்பதைவிடப் பிரித்துக் காட்டுவது நல்லது. வாடிக்கையாளர் கிரானைட்டின் நிறத்தைப் பாதியில் மாற்றியதில் ஆறு நாள். சங்கத்தின் தடையால் துளை போட முடியாமல் மூன்று நாள். இரண்டு கதவுக்குத் தவறான லேமினேட் எண்ணை ஸ்டுடியோவே ஆர்டர் செய்ததில் இரண்டு நாள். இந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டுமானால் அவர் தினமும் சைட் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். எழுதுகிறவர் என்பது இதிலிருந்தே உரிமையாளருக்குப் புரிந்துவிடும். அந்த ஆறு நாளுக்கு வாடிக்கையாளரிடம் அன்றைக்கே செய்தி அனுப்பிப் புதுத் தேதிக்கு ஒப்புதல் வாங்கினாரா என்பது அடுத்த கேள்வி. வாங்கியிருந்தால் கடைசித் தவணையைப் பிடித்து வைக்கும் சண்டை பாதி குறையும்.

தொடங்கிய நாளும் முடிந்த நாளும் எதைக் குறிக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாவி கிடைத்த நாளிலிருந்து எண்ணுகிறாரா, முன்பணம் வந்த நாளிலிருந்தா, வரைபடம் உறுதியான நாளிலிருந்தா என்பதைப் பொறுத்து ஒரே வேலை 45 நாளாகவும் தெரியும், 80 நாளாகவும் தெரியும். முடிவிலும் அப்படித்தான். ஆசாரி கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது ஒப்படைப்பு அல்ல. வாடிக்கையாளரோடு ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பார்த்து, குறைகளைப் பட்டியலிட்டு, அவை தீர்ந்து, கையெழுத்தாவதுதான் ஒப்படைப்பு. பெரும்பாக்கத்தில் முதல் சுற்றில் 23 குறைகள் என்று வைத்துக்கொள்ளலாம். கதவு கோடு விலகல், ஒரு டிராயர் மெதுவாக மூடாமல் டமாரென்று அடிப்பது, சிங்க் ஓரத்தில் சிலிகான் விட்டுப்போனது, பிளக் ஒன்றில் மின்சாரம் வராதது. அவை எத்தனை நாளில் தீர்ந்தன என்ற எண் ரெஸ்யூமேயில் அபூர்வமாகத்தான் காணக்கிடைக்கும். ‘23 குறைகள், 7 நாளில் முடிப்பு’ என்று பார்த்தால் உரிமையாளர் நிமிர்ந்து உட்காருவார். வேலை தொண்ணூறு சதவீதம் முடிந்தபின் இழுத்தடிப்பதுதான் சின்ன ஸ்டுடியோக்களின் வருமானத்தைத் தின்கிறது. அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய ஆசாரி ஒரு கீலுக்காகப் பழைய வீட்டுக்கு மூன்று முறை அலைவார்.

ஒப்படைக்கும்போது கொடுத்த கோப்பில் என்ன இருந்தது என்பதையும் எழுதலாம். லேமினேட் எண்கள், கீல், சானல்களின் உத்தரவாத அட்டைகள், மிச்சமான ஒரு துண்டு லேமினேட், கூரையையும் பேனலையும் மூடுவதற்கு முன் வயர் போகும் வழியை டேப் பிடித்து எடுத்த புகைப்படங்கள். பிற்பாடு அந்த வீட்டில் யாராவது படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் புகைப்படத்தின் அருமை தெரியும்.

இவ்வளவையும் எழுத இடம் எங்கே என்று கேட்கலாம். நாலு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் போதும், அதோடு பத்துப் பன்னிரண்டு பக்கப் படத்தொகுப்பு. இடத்தைத் தின்கிறவை வேறு: தந்தை பெயர், திருமணமானவரா, பொழுதுபோக்கு, ‘மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற அரசாங்க விண்ணப்பக் கால வாசகம். அவற்றை எடுத்துவிட்டால் மூன்று வீடுகளின் விவரம் தாராளமாக உட்காரும். பதினாலு வீட்டையும் அடுக்க வேண்டாம். ஒரு புது ஃப்ளாட், ஒரு பழுதுபார்ப்பு, ஒரு கடை என்று வகைக்கு ஒன்றாக முழுக் கணக்கோடு கொடுத்துவிட்டு மீதியை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

நடந்துகொண்டிருக்கும் வேலையை என்ன செய்வது என்பதில் பலருக்குக் குழப்பம். முடிந்ததுபோல் எழுதக் கூடாது, விட்டுவிடவும் வேண்டாம். ‘3 பி.ஹெச்.கே., வேளச்சேரி: மின் வேலை முடிந்தது, ஃபால்ஸ் சீலிங் சட்டம் ஏறுகிறது, கிச்சன் பெட்டிகள் தொழிற்சாலையில். ஒப்படைப்புக்கு இன்னும் ஐந்து வாரம், அதன் பிறகே சேர முடியும்’ என்று நிலவரத்தை அப்படியே போடலாம். உடனே ஆள் வேண்டும் என்கிற சிலர் இதைப் படித்ததும் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் முதலில் போனில் கேட்பது சம்பளத்தை அல்ல: ‘கிச்சன் பெட்டி என்னைக்கு இறங்குது? கிரானைட்டுக்கு அளவு எடுத்தாச்சா?’